ஒருமுறை உயர்ந்த இரத்த அழுத்தம் மறுமுறை குறைவது ஏன்?

மருத்துவ முகாம் ஒன்றில் ஒருவருக்கு இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 172 எனப் பதிவாகிறது என்று கொள்வோம். அன்றே அவர் ஒரு கஷாயத்தைத் தொடங்குகிறார். இரு வாரங்களில் அளவு 154. ‘கஷாயம் கேட்கிறது, மாத்திரை வேண்டாம்’ என முடிவு செய்கிறார். ஆனால், கஷாயம் அருந்தாமலும் அளவு குறைந்திருக்கக்கூடும்.

இரத்த அழுத்தம் நாள்தோறும் ஏறி இறங்கும். இவருடைய வழக்கமான சராசரி 155 எனில், உறக்கக் குறைவும் பதற்றமும் விரைந்து நடந்து வந்ததும் சேர்ந்தே அன்று அதனை 172 ஆக உயர்த்தியிருக்கும். இவை யாவும் மறுமுறையும் ஒன்றுகூடுவது அரிது. மிக உயர்ந்த அளவு கண்டவர்களை மட்டும் மீண்டும் அழைத்துச் சோதித்தால், சிகிச்சையின்றியே அக்குழுவின் சராசரி குறைந்திருக்கும். இதனைச் ‘சராசரி நோக்கிய பின்னடைவு’ என்பர். இதனாலேயே மருந்து ஆய்வுகளில், அம்மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவும் வைக்கப்படுகிறது.

ஒன்றை மறத்தலாகாது. அளவு திரும்புவது அவரவருடைய சராசரிக்கே. நலமான அளவுக்கு அன்று. 154 என்பதும் உயர் இரத்த அழுத்தமே.

எனவே ஓர் அளவை மட்டும் நம்பி மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். வீட்டில் ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்தபின், காலையும் மாலையும் இருமுறை வீதம் ஏழு நாள்கள் அளந்து குறித்து வருக. முதல் நாளை நீக்கிச் சராசரி காண்போம். அது 135/85 அல்லது அதற்கு மேல் இருப்பின் சிகிச்சை குறித்து ஆராய்வோம். மேல் அளவு 180ஐக் கடந்து, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருப்பின் காத்திராமல் உடனே வருக.