48 லட்சம் ஃபிளாட்டுக்கு கையில் எவ்வளவு வேணும்?

தாம்பரம் பக்கம் ஒரு பழைய ஃபிளாட், விலை 48 லட்சம் என்று செல்போனில் விளம்பரம் பார்க்கிறீர்கள். "பத்து லட்சம் கையில இருக்கு, மீதி பேங்க் லோன்" என்று கணக்குப் போட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பலர் சிக்குவது இங்கேதான்.

தமிழ்நாட்டில் மறுவிற்பனை ஃபிளாட்டைக் கிரயம் செய்ய முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். ஆனால் எந்தத் தொகைக்கு 9 சதவீதம் என்பதுதான் கேள்வி. நீங்கள் பேசிய விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான். tnreginet.gov.in தளத்தில் தெருப் பெயர் அல்லது சர்வே எண் கொடுத்து வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம். ஆனால் அங்கே தெருவுக்குக் காட்டுவது நிலத்தின் மதிப்பு. ஃபிளாட்டுக்குக் கட்டட மதிப்பும் சேரும் என்பதால், பத்திர நகலோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நம்ம ஃபிளாட்டுக்கு வழிகாட்டி மதிப்பு 50 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 48-க்கு வாங்கினாலும் 50 லட்சத்துக்கே கணக்கு: முத்திரைத்தீர்வை 3,50,000, பதிவுக் கட்டணம் 1,00,000.

இந்த நாலரை லட்சத்தை பேங்க் தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்த அளவு கடனுக்கு வீட்டு விலையில் 80 சதவீதம் வரைதான். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த விலையில் சேராது. எனவே அதிகபட்சக் கடன் 38,40,000. உங்கள் பங்கு 9,60,000, பதிவுச் செலவு 4,50,000, மொத்தம் 14,10,000. பேங்க் மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்துப் போட்டால் இது இன்னும் ஏறும்.

அடுத்து குடியிருப்போர் சங்கம். இதற்கு ஒரே ரேட் கிடையாது, சங்கத்துக்குச் சங்கம் மாறும். பெயர் மாற்றக் கட்டணம் 25,000 கேட்கிறார்கள், விற்பவரோ "நான் கட்டிய கார்பஸ் ஃபண்ட் 40,000 தனியா கொடுங்க" என்கிறார் என்றால், கையில் 14,75,000 வேண்டும். விற்பவர் வைத்த மெயின்டனன்ஸ் பாக்கி உங்கள் தலையில் விழாமல் இருக்க, கிரயத்துக்கு முன்பே சங்கத்திடம் "பாக்கி இல்லை" கடிதம் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். கார்பஸ் பணம் விலைக்குள்ளா வெளியேயா என்பதையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பில்டரிடம் புது ஃபிளாட் என்றால் கணக்கு வேறு. 2023 டிசம்பர் முதல், முதல் விற்பனையில் 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆனால் கட்டி முடித்த சான்று வாங்காத கட்டடமானால் ஜிஎஸ்டி தனி.