ஃப்ளூரைடு கணக்கெடுப்பு: எக்செல் ஷீட்டைச் சுத்தம் செய்வதில் ஐந்து தவறான நம்பிக்கைகள்

தருமபுரி மாவட்டத்தின் கடினப்பாறை நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருப்பதும், அதனால் குழந்தைகளின் பற்களில் கறை படிவதும் பல ஆண்டுகளாக அறியப்பட்ட பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். இங்கே கிணற்று நீரையும் பள்ளிக் குழந்தைகளின் பற்களையும் பரிசோதித்துக் கணக்கெடுக்கும் மாணவர்களும் தன்னார்வலர்களும் படிவங்களை எக்செல்லில் ஏற்றிய கையோடு சராசரி எடுத்துவிடுகிறார்கள். இடையில் செய்ய வேண்டிய சுத்தம் செய்யும் வேலையைச் சுற்றிச் சில நம்பிக்கைகள் உலவுகின்றன. அவற்றில் ஐந்தைப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

நம்பிக்கை 1: காலிக் கட்டத்தில் 0 போட்டுவிட்டால் போதும்.

உண்மை: காலி என்றால் பரிசோதிக்கவில்லை என்று பொருள். 0 என்றால் பரிசோதித்தோம், ஃப்ளூரைடே இல்லை என்று பொருள். ஐந்து கிணறுகளில் நான்கின் அளவு லிட்டருக்கு 1.4, 2.3, 1.2, 1.9 மில்லிகிராம், ஐந்தாவது மாதிரிப் புட்டி உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நான்கின் சராசரி 1.7. உடைந்த புட்டிக்கு 0 போட்டால் சராசரி 1.36 ஆகிவிடும். வேறு நீராதாரம் இல்லாதபோது இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச வரம்பு 1.5. ஒரே ஒரு பூஜ்யம் அந்த ஊரை வரம்புக்குள் கொண்டுவந்துவிடுகிறது. ‘தெரியாது’ என்பதற்கு 99 என்று குறித்து, அதை நீக்க மறந்தாலோ சராசரி 21.16 ஆகும். அது கண்ணில் பட்டுவிடும். 1.36 கண்ணில் படாது.

இதற்கு எதிரான தவறும் உண்டு. கருவியால் அளக்க முடியாத அளவுக்கு ஃப்ளூரைடு குறைவாக இருந்தால் ஆய்வகம் ‘<0.1’ என்று எழுதித் தரும். எக்செல் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். AVERAGE அதைக் கணக்கில் சேர்க்காது. நல்ல நீருள்ள கிணறுகள் இப்படி விடுபட்டுப்போவதால் சராசரி ஏறிவிடும். இந்த இடத்தில் 0.05, அதாவது கருவியின் அளவீட்டு வரம்பில் பாதியைப் போடும் வழக்கம் உண்டு. எதைப் போட்டாலும் அதை அறிக்கையில் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை 2: படிவத்தில் உள்ள குறியீட்டு எண்களை அப்படியே கூட்டிச் சராசரி எடுக்கலாம்.

உண்மை: பல் கறையை அளக்க டீன் குறியீடு பயன்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வாய் நலக் கையேட்டின்படி படிவத்தில் 0 முதல் 5 வரை எழுதுகிறோம்: இயல்பு, ஐயம், மிக லேசு, லேசு, மிதம், கடுமை. 8 என்றால் விலக்கப்பட்டது, 9 என்றால் பதிவாகவில்லை. இவை அடையாள எண்கள்தான். ஊரின் பாதிப்பைக் கணிக்க டீன் தந்த மதிப்புகள் வேறு: அதே வரிசையில் 0, 0.5, 1, 2, 3, 4.

பத்துக் குழந்தைகளின் குறியீடுகள் 0, 0, 1, 2, 2, 3, 3, 4, 5, 9 என்று இருக்கட்டும். அப்படியே கூட்டினால் சராசரி 2.9. ஒன்பதை நீக்கினால் 2.22. சரியான மதிப்புகளுக்கு மாற்றினால் மொத்தம் 13.5, குழந்தைகள் 9 பேர், சராசரி 1.5. டீன் வகுத்த படிநிலையில் 1 முதல் 2 வரை நடுத்தரப் பாதிப்பு, 2 முதல் 3 வரை தீவிரப் பாதிப்பு. முதல் இரண்டு கணக்குகளும் நடுத்தரப் பாதிப்புள்ள ஊரைத் தீவிரப் பாதிப்புள்ள ஊராகக் காட்டிவிடுகின்றன.

நம்பிக்கை 3: குறியீடுகளை மாற்ற Find and Replace போதும்.

உண்மை: மேலே சொன்ன மாற்றத்தை அப்படிச் செய்துபாருங்கள். முதலில் 5ஐ 4 ஆக்கி, அடுத்து 4ஐ 3 ஆக்கி, இப்படியே இறங்கினால், கடுமையான பாதிப்புள்ள குழந்தையும் கடைசியில் 0.5இல் வந்து நிற்கும். கீழிருந்து மேலே போனாலும், ‘Match entire cell contents’ தேர்வைப் போடாவிட்டால், முதல் படியில் வந்த 0.5 கடைசிப் படியில் 0.4 ஆகிவிடும்.

குறியீடுகள் உள்ள மூல நெடுவரிசையை, இங்கே F, தொடாதீர்கள். J, K நெடுவரிசைகளில் எட்டுக் குறியீடுகளையும் அவற்றின் மதிப்புகளையும் எழுதுங்கள். 8, 9 இரண்டுக்கும் மதிப்பாக ‘விலக்கு’ என்று போடுங்கள். பிறகு புதிய நெடுவரிசையில்:

```
=IF(F2="","",VLOOKUP(F2,$J$2:$K$9,2,FALSE))
```

முன்னால் உள்ள IF அவசியம். அது இல்லாவிட்டால் காலிக் கட்டத்தை 0 என்று கொண்டு, அந்தக் குழந்தைக்கு இயல்பான பல் என்று எக்செல் எழுதிவிடும். யாராவது 7 என்று தவறாகத் தட்டியிருந்தால் #N/A தோன்றும். அதை மறைக்காமல் படிவத்தை எடுத்துப் பாருங்கள்.

ஊர்ப் பெயர்களுக்கும் இதே முறைதான். பென்னாகரம், பெண்ணாகரம், அரூர், ஹரூர் என்று விதவிதமாக ஏறியிருக்கும். சிலவற்றில் கடைசியில் ஓர் இடைவெளியும் ஒட்டியிருக்கும். பிவட் டேபிள் போட்டால் ஒரே ஊர் இரண்டு மூன்று வரிகளில் வரும். முதலில் TRIM போட்டு இடைவெளியை நீக்கி, பிறகு பெயர்ப் பட்டியல் வழியாகச் சரியான பெயரைக் கொண்டுவாருங்கள்.

நம்பிக்கை 4: பொருந்தாத எண் தெரிந்தால் நீக்கிவிட வேண்டும்.

உண்மை: 24 என்று இருந்தால் 2.4இன் புள்ளி விடுபட்டிருக்கலாம். ஆனால் சுற்றியுள்ள கிணறுகளில் 1.2 இருக்க, ஒன்றில் மட்டும் 4.8 இருந்தால் அது உண்மையாகவும் இருக்கலாம். கடினப்பாறையில் நீர் வெடிப்புகளில் நிற்பதால், பக்கத்துப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில்கூட அளவு மாறும். அதை நீக்கினால், தேடிப்போன கண்டுபிடிப்பையே நீக்கியதாகும். படிவத்தையும் ஆய்வகச் சீட்டையும் பார்த்து, தேவைப்பட்டால் மறு மாதிரி எடுங்கள். முடிவாகும்வரை பக்கத்து நெடுவரிசையில் ‘சரிபார்க்க’ என்று குறித்துவையுங்கள்.

தட்டச்சுப் பிழைகள் எல்லாம் விசித்திரமான எண்களாகவே வருவதும் இல்லை. 2.1 என்பது 1.2 ஆக ஏறினால் எந்த வடிகட்டியிலும் சிக்காது. பத்தில் ஒரு பங்கு படிவங்களையாவது இன்னொருவர் தனியாக ஏற்றி, இரண்டு ஷீட்டுகளையும் ஒப்பிட்டால்தான் அது வெளிப்படும். நெடுவரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும் உதவும்: வயது 9, இந்த ஊரில் வசித்த ஆண்டுகள் 12 என்றால் ஏதோ ஒன்று தவறு.

நம்பிக்கை 5: வகைகள் குறைந்தால் ஷீட் சுத்தமாகும்.

உண்மை: குடிநீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ‘தெருக்குழாய்’, ‘பஞ்சாயத்து பைப்’, ‘காவிரித் தண்ணி’, ‘டேங்க் தண்ணி’ என்று பதில்கள் வரும். எல்லாவற்றையும் ‘குழாய்’ என்று சேர்த்தால் ஷீட் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு குழாயில் ஒகேனக்கல் நீர் வரலாம். இன்னொன்றில் உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீர் தொட்டி வழியாக வரலாம். இந்த ஆய்வுக்குத் தேவையான வேறுபாடே அதுதான். எது என்று தெரியாத பதில்களை ஊகித்துப் பிரிக்காமல் ‘குழாய், மூலம் தெரியவில்லை’ என்று தனி வகையாக வையுங்கள்.

மாவட்டப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய தரவில் ‘தருமபுரி’ என்றால் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அதில் அடக்கம். வட்டவாரியாகப் பிரிக்காமல் இன்றைய எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

மூல ஷீட்டைப் பூட்டிவைத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். எந்தக் கட்டத்தை, எதிலிருந்து எதற்கு, ஏன் மாற்றினீர்கள் என்று தனி ஷீட்டில் எழுதுங்கள். அறிக்கை வெளியாகும்வரை காகிதப் படிவங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள்.