இடியப்ப மாவும் கொதிநீரும்

கோதுமை மாவைப் பிணைக்கும் பசைப்புரதம் அரிசி மாவில் இல்லை. ஆதலால், குளிர்ந்த நீரில் பிசைந்த மாவு பிழியும்போது அறுந்துவிடும். கொதிநீர் பட்டதும் அரிசியின் மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பாதி வெந்து, துகள்களைப் பிணைக்கிறது.

வறுத்துச் சலித்த மாவு 2 கோப்பைக்கு, உப்பிட்ட கொதிநீர் ஏறத்தாழ 2½ கோப்பை வேண்டும். மாவுக்கு மாவு இவ்வளவு மாறுபடும். ஆகவே, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி அகப்பைக் காம்பினால் கிளற வேண்டும். 5 நிமிடம் மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும்.

பின்னர்ச் சிறிதளவு மாவைப் பிழிந்து பார்க்கலாம். இழை வெடித்து அறுந்தால் நீர் குறைவு. வெந்நீர் தெளித்துப் பிசைக. இழைகள் ஒட்டிக்கொண்டால் நீர் மிகுதி. வறுத்த மாவு சேர்க்க. ஆறிய மாவு இறுகிவிடும். எனவே, ஈரத்துணியால் மூடி, சூடு தணியுமுன் பிழிந்து ஆவியில் வேகவைக்க வேண்டும்.