முன் டயர்களின் வெளி ஓரத் தேய்வு

எங்கள் ராயகிரிப் பக்கத்து வாகனங்கள் பெரும்பாலும் ஓடுவது திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில்தான். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று ஊருக்கு ஊர் ஏறக்குறைய நேராகவே போகும் அந்தச் சாலை, செங்கோட்டையைத் தாண்டிப் புளியரைக்கு அப்பால் மலையேறி, ஆரியங்காவு வரையில் வளைந்து வளைந்து செல்கிறது. இச்சாலையில் ஓடிய கார்களின் முன் டயர்களில் நடுப்பகுதியும் உள் ஓரமும் நன்றாயிருக்க, வெளி ஓரம் மாத்திரம் மழுங்கிக் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் கேட்டால், காற்றுக் குறைவு என்பார் ஒருவர். மலைப்பாதை என்பார் மற்றொருவர். வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருக்குமானால் அலைன்மெண்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் அனுபவத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயம்.

காற்றுக் குறைந்த டயர் நடுவில் தளர்ந்து, பாரத்தை இரண்டு ஓரங்களின் மீதும் இறக்கிவிடுகிறது. ஆகையால் அதன் தேய்வு உள் ஓரம், வெளி ஓரம் இரண்டிலும் தெரியும். காற்று மிகுந்தாலோ நடுப்பகுதி தேயும். ஆனாலும் காற்றழுத்தத்தை முற்றிலும் விடுவித்துவிட முடியாது. வளைவில் திரும்பும்போது வண்டியின் பாரம் வளைவுக்கு வெளியே உள்ள சக்கரத்தின்மேல் சாய்கிறது. காற்றுக் குறைந்திருந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி, வெளி ஓரம் தரையில் உருளுகிறது. இடமும் வலமும் மாறி மாறி வளையும் மலைப்பாதையில் இரு டயர்களுக்கும் இது நேரும். அப்போது வெளி ஓரம் அதிகமாகவும் உள் ஓரம் சற்றுக் குறைவாகவும் தேய்ந்திருக்கும். உள் ஓரம் நடுப்பகுதியைப்போல் முழுமையாக இராது. அழுத்தத்தைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன்பே அளக்க வேண்டும். வெயிலில் ஓடிச் சூடேறிய டயர் சில பவுண்டு கூடுதலாகவே காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால், ஆறியபின் குறைவழுத்தத்தில் ஓடும் வண்டியாகிவிடும்.

சென்ற குற்றாலச் சீசனுக்கு முன்பு, எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் ஒரு தம்பி தன் வண்டியை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணாச்சி, காத்து எல்லாம் சரியாத்தான் வைக்கேன், பொறவு ஏன் இப்படித் தேயுது?" என்று கேட்டார். இரண்டு முன் டயர்களிலும் வெளி ஓரத்துப் பள்ளத்தின் ஆழம் 2 மில்லிமீட்டர். நடுவிலும் உள் ஓரத்திலும் 5. உள் ஓரமும் நடுவும் சமமாயிருந்தமையால் காற்றுக் குறைவு என்னும் எண்ணத்தை அப்போதே விலக்கிவிட்டேன். எஞ்சியவை வளைவுகளும் அலைன்மெண்டும்.

இவ்விரண்டையும் பிரித்தறியக் கண்ணைவிடக் கையே உத்தமமான கருவி. கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் வைத்து, வெளி ஓரத்திலிருந்து உள்ளே தடவ வேண்டும். பிறகு உள்ளிருந்து வெளியே தடவ வேண்டும். வளைவினால் தேய்ந்த ஓரம் இரு திசையிலும் உருண்டு மழுமழுவென்றே இருக்கும். ஆனால் சக்கரங்களின் முன்பக்கம் ஒன்றையொன்று நோக்கி அளவுக்கு மிஞ்சி நெருங்கியிருந்தால் (மெக்கானிக்குகள் டோ-இன் என்பது இதைத்தான்) ஒவ்வொரு ரப்பர்க் கட்டியின் வெளி விளிம்பும் மழுங்கி, உள் விளிம்பு கூராக நிற்கும். எனவே வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழுக்கும், உள்ளிருந்து வெளியே தடவினால் அரத்தைத் தொட்டதுபோல் உரசும். தம்பியின் வண்டியில் இரண்டு டயர்களும் அப்படியே உரசின.

கையின் சாட்சியத்தை நாடாவினால் நிரூபிப்பதும் கடினமன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, காற்றைச் சரிபார்த்து, முன் சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிச் சுழற்றி, டயரின் நடுவே பூசிய சாக்பீஸ் தடத்தில் ஓர் ஆணியை அசையாமல் பிடித்து மெல்லிய கோடு போட்டேன். இறக்கியபின் ஸ்பிரிங் படிவதற்காக வண்டியின் முன்பக்கத்தை அமுக்கிவிட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில அடி முன்னே தள்ளினோம். பிறகு, அச்சின் உயரத்தில், சக்கரங்களின் பின்பக்கத்தில் கோட்டுக்குக் கோடு அளந்து, அளந்த புள்ளிகளில் அடையாளமிட்டு, அவ்வடையாளங்கள் அதே உயரத்தில் முன்பக்கம் வரும்வரை வண்டியை முன்னோக்கியே உருட்டி மறுபடி அளந்தோம். பின்னோக்கித் தள்ளினால் இணைப்புகளில் உள்ள ஆட்டம் எதிர்த்திசையில் சென்று அளவைப் பொய்யாக்கிவிடும். பின்பக்கம் 1,368 மில்லிமீட்டர், முன்பக்கம் 1,360. வித்தியாசம் 8, அந்தக் காரின் கையேடு கேட்டதோ ஏறக்குறைய சைபர்.

எட்டு மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். சக்கரம் ஒன்றுக்கு 4 மில்லிமீட்டர். டயரின் குறுக்களவு சுமார் 600. ஆகவே ஒவ்வொரு சக்கரமும் ஒரு கிலோமீட்டர் ஓடுகையில் தான் நோக்கும் திசைக்கும் வண்டி போகும் திசைக்கும் இடையே 6 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஐம்பது கிலோமீட்டர் போனால் அது 300 மீட்டருக்கும் அதிகம். இத்தனை உராய்வின் பெரும்பங்கும் வெளி ஓரத்தின் மீதே விழுகிறது.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது ஸ்டியரிங். நேர்ச்சாலையிலும் அது இடப்பக்கம் சற்றுச் சாய்ந்தே நிற்பதாகத் தம்பி சொன்னார். சில மாதங்களுக்கு முன் ஏதோ ஒரு பட்டறையில் இடப்பக்க டை ராடு எண்டை மாற்றியவர்கள், பழைய நீளத்தைக் குறித்துக்கொள்ளாமல் கண்மதிப்பில் மாட்டியிருந்தார்கள். அந்தக் காரில் டை ராடு அச்சுக்குப் பின்னே இருப்பதால், அது நீண்டால் சக்கரத்தின் பின்பகுதி வெளியே தள்ளப்பட்டு முன்பகுதி உள்ளே திரும்புகிறது. பழுது ஒரு பக்கத்தில் இருக்க, இரண்டு டயர்களும் ஒரேபோல் தேய்வானேன் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. வண்டி ஓடத் தொடங்கியதும் இரு சக்கரங்களின் இழுப்பும் சமமாகும் நிலைக்கே ஸ்டியரிங் தானாக நகர்ந்துவிடுகிறது. ஆகவே பிசகை இருவரும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஸ்டியரிங் சாய்வு அந்தப் பங்கீட்டின் அடையாளமே. ஆதலால் இடப்பக்க ராடை மட்டும் லாக் நட்டைத் தளர்த்திக் கால் கால் சுற்றாகக் குறைத்துவர, அளவு 1 மில்லிமீட்டருக்கு வந்தது, ஸ்டியரிங்கும் நடுவே நின்றது. பிறகு இயந்திரமுள்ள கடையில் சரிபார்த்துக்கொண்டோம். கைமுறை அளவு நோயறியத்தான், முடிவான சிகிச்சைக்கு அன்று.

ஒரு டயரின் வெளி ஓரம் மட்டும் உரசலின்றி வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் விசாரணை வேறு திசையில் போக வேண்டும். அது கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி வெளியே சாய்ந்திருத்தல். தூக்குநூலை விளிம்பின் ஓரமாகத் தொங்கவிட்டு, மேலும் கீழும் இடைவெளி அளந்தால் தெரியும். 14 அங்குல விளிம்பில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் சுமார் ஒரு டிகிரி. இன்றைய சிறு கார்கள் பலவற்றில் இதைத் திருகித் திருத்த வழியில்லை. குழியில் விழுந்து வளைந்த பாகத்தைத் தேடி மாற்றியே ஆக வேண்டும். கேம்பர் மாறினால் டோவும் மாறுமாதலால், கேம்பரைச் சரிசெய்த பிறகே டோவைத் தொட வேண்டும்.

தேய்ந்த டயர்களைப் பின்சக்கரத்துக்கு மாற்றி ஓட்டலாமா என்று தம்பி கேட்டார். காரணத்தைத் தீர்க்காமல் டயரை இடம் மாற்றுவது அடையாளத்தை மறைப்பதாகும். தீர்த்த பின்னும், 1.6 மில்லிமீட்டர் என்னும் எல்லைக்கு அருகில் வந்துவிட்ட ஓரத்தோடு தென்மேற்குப் பருவமழையில் புளியரை ஏற்றத்தில் பிரயாணிகளை ஏற்றிச் செல்வது தகாது என்றேன். இரண்டு டயர்களையும் புதிதாகப் போட்டார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னதையே இதை வாசிப்பவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். உரசல் மீண்டும் தென்பட்டால் டை ராடு எண்டிலோ கீழ்க்கையின் ரப்பர் புஷ்ஷிலோ ஆட்டம் இருக்கிறது.