மழை நாள் கணக்கு: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது

மழையில் நனைந்த கொழுந்து எடை கூடி நிற்கும். கேமரன் மலையில் மழைக்குப் பஞ்சமில்லை. கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அந்த எடை வரவு. தொழிற்சாலைக்கோ அது தேயிலையாக மாறாத வெறும் தண்ணீர். நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வாடி உலர்ந்துதான் ஒரு கிலோ தூளாகிறது என்பதால், நனைந்த கொழுந்தில் ஏதாவது கழிக்க நிர்வாகம் நினைப்பதில் தப்பில்லை. எவ்வளவு கழிப்பது, எங்கே கழிப்பது, யார் முன்னிலையில் கழிப்பது என்று ஒப்பந்தத் தாளில் எழுதாமல் விடுவதுதான் சிக்கல்.

ரிங்லெட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேரப்போகிற இளைஞரிடம் ஒப்பந்தம் நீட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மலாயில் இருக்கும் அதன் 8ஆம் விதியின் பொருள் இது:

“பறித்த பச்சைக் கொழுந்தின் எடைப்படி கூலி வழங்கப்படும். ஈரத்துக்கும் தரத்துக்கும் உரிய கழிவு போக, நிர்வாகம் அவ்வப்போது நிர்ணயிக்கும் விகிதத்தில் அது கணக்கிடப்படும்.”

மேலோட்டமாகப் படித்தால் குறை எதுவும் தெரியாது. கிராணியும், “எல்லாம் வழக்கமா உள்ளதுதான் தம்பி, போடு கையெழுத்த” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வழக்கம் தாளில் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் தாளை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. எழுத்தில் தர வேண்டியதைப் படித்துப் பார்க்க இரண்டு நாள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: விதிக்கு விளக்கம் கேட்டுப் பதில் வரும்வரை மலையில் இறங்கி வேலையைத் தொடங்காதீர்கள். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, முன்மொழிவின் நிபந்தனையைச் செய்து முடிப்பதே அதை ஏற்றதாகிவிடும். கையெழுத்தே இல்லாமல் கூடை நிரப்பியவரும் ஏற்றுக்கொண்டவர்தான் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கும்.

அடுத்தது கணக்கு. விதி தெளிவாக இருக்கிறதா என்று பத்து முறை படித்துக் கண்டுபிடிக்க முடியாது; அதில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கிலோவுக்கு 30 சென், இயந்திர அறுவடையில் ஒரு நாளைக்கு உங்கள் பங்கு 240 கிலோ, மாதம் 26 நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூலி 72 ரிங்கிட், மாதத்துக்கு 1,872. இப்போது “உரிய கழிவு” என்பதற்கு 10 விழுக்காடு போடுங்கள். 240 கிலோ 216 ஆகிறது, நாள் கூலி 64 ரிங்கிட் 80 சென், மாதத்துக்கு 1,684 ரிங்கிட் 80 சென். ஒரே விதி, ஒரே உழைப்பு, 187 ரிங்கிட் 20 சென் வித்தியாசம். அண்ணனிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ அதே விதியைக் கொடுத்து மழை நாள் கூலியைப் போடச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கு இரண்டு விடை வந்தால், நீங்கள் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

“குறைந்தபட்ச சம்பளச் சட்டம் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?” என்று சிலர் கேட்பார்கள். காப்பாற்றும், கொஞ்சம். 2025 பிப்ரவரி முதல் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கும், அதே ஆண்டு ஆகஸ்டு முதல் மற்ற முதலாளிகளுக்கும் மாதக் குறைந்தபட்சம் 1,700 ரிங்கிட். எடைக் கூலிக்காரர்களுக்கும் அது உண்டு. ஆக, மேலே சொன்ன மாதத்தில் 1,684.80க்கும் 1,700க்கும் இடையிலுள்ள 15 ரிங்கிட் 20 சென்னைச் சட்டம் உங்களுக்கு வாங்கித் தரும். மிச்சம் 172 ரிங்கிட்டைத் தராது. இன்னொன்றும் உண்டு. சம்பளத்திலிருந்து எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்று வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தராசிலேயே எடையைக் குறைத்துவிட்டால் அது பார்வைக்குச் சம்பளப் பிடித்தமாகவே தெரியாது; சம்பளச் சீட்டில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. இந்த விதியை விட்டுப்பிடிக்கக் கூடாது என்பதற்கு இதுவே எனக்குப் பெரிய காரணம்.

இனி கடிதம். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். அது பின்னால் எடுபடாமல் போகலாம். எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்துக்கு மாறாக ‘அன்றைக்கு வாய்மொழியாக இப்படிச் சொன்னார்கள்’ என்று சாட்சி சொல்வதற்கு 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 91, 92ஆம் பிரிவுகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. விதிவிலக்குகள் உண்டு, அவற்றை நம்பி வேலைக்குப் போக வேண்டாம்.

கடிதம் எழுதும்போது விதியைச் சுருக்கிச் சொல்லாதீர்கள். விதி எண், பக்க எண் போட்டு, ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே ஓர் எழுத்து மாறாமல் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். “கழிவு பற்றிய விதி” என்று பொதுவாக எழுதினால், அவர்களும் பொதுவாக “நியாயமாகத்தான் கழிப்போம்” என்று எழுதிவிடுவார்கள். அதன் கீழே இரண்டு வாசிப்பையும் வைத்து, எது சரி என்று கேளுங்கள். “ஏன் இப்படி எழுதியிருக்கிறீர்கள்” என்று கேட்டால் அது குற்றச்சாட்டாகிவிடும். ‘அ சரியா, ஆ சரியா’ என்றால் ஒரு வரியில் பதில் சொல்லலாம். மேலாளருக்கும் அதுவே சுலபம்.

சொற்களில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 1840இல் இங்கிலாந்தில் ஹைட் என்பவர், ரெஞ்ச் என்பவர் 1,000 பவுனுக்கு விற்க வந்த பண்ணைக்கு 950 தருவதாகச் சொன்னார். ரெஞ்ச் மறுத்த பிறகு ஹைட் 1,000க்கே ஒப்புக்கொண்டார். எதிர்விலை சொன்ன கணமே பழைய முன்மொழிவு செத்துவிட்டது என்று தீர்ப்பாயிற்று. 1880இல் இரும்பு வாங்கவிருந்த ஸ்டீவன்சன் நிறுவனம், மெக்லீனிடம் சரக்கை இரண்டு மாத காலத்தில் பிரித்துத் தர இயலுமா என்று தந்தியில் விசாரித்தது. அது வெறும் விசாரிப்பு, முன்மொழிவு உயிரோடுதான் இருக்கிறது என்றது நீதிமன்றம். மலேசிய ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவும் ஏற்பு முழுமையாக, நிபந்தனையின்றி இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே “இப்படி மாற்றினால்தான் வருவேன்” என்று எழுதினால் வேலையையே மறுத்ததாகக் கொள்ளலாம். “விளக்கம் கேட்கிறேன்” என்று எழுதினால் வேலை கைவிட்டுப் போகாது.

கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,
தாங்கள் தந்த வேலை ஒப்பந்தத்தைப் படித்தேன். வேலையில் சேர விரும்புகிறேன். இக்கடிதம் ஒப்பந்தத்தை மறுப்பதற்கன்று; 8ஆம் விதிக்கு மட்டும் விளக்கம் வேண்டுகிறேன். அவ்விதி கூறுவது: ‘…ஈரத்துக்கும் தரத்துக்கும் உரிய கழிவு போக, நிர்வாகம் அவ்வப்போது நிர்ணயிக்கும் விகிதத்தில்…’
இதை நான் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ள முடிகிறது. (அ) மழை நாளில் மட்டும், மலையில் நிறுக்கும்போதே, முன்கூட்டிச் சொன்ன அளவில் கழிப்பது. (ஆ) எந்த நாளிலும், தொழிற்சாலையில், நிர்வாகம் தீர்மானிக்கும் அளவில் கழிப்பது. இவற்றில் எது சரி என்று தெரிவிக்க வேண்டுகிறேன். (அ) என்றால், விதியைக் கீழ்க்கண்டவாறு எழுதலாமா என்று பரிசீலிக்கவும்.”

கடிதத்தில் உள்ள மேற்கோளில் புள்ளிகள் இட்டு நடுவில் வெட்டியிருக்கிறேன். நீங்கள் முழு விதியையும் எழுதுங்கள். முன்மொழியும் சொற்கள் இவை:

“8(அ) கொழுந்து பறித்த அன்றே, மலையில் உள்ள நிறுவை இடத்தில், தொழிலாளியின் முன்னிலையில் நிறுக்கப்பட்டு அவர் சீட்டில் எழுதப்படும். (ஆ)வில் சொன்ன கழிவு மட்டும் போக, கூலி அந்த எடைக்கே. (ஆ) சாக்கின் எடை போக, மழை பெய்த நாளில் மட்டும் ஈரக் கழிவு 5 விழுக்காட்டுக்கு மேற்படாமல் கழிக்கப்பட்டு, அந்த அளவும் சீட்டில் எழுதப்படும். வேறு கழிவு இல்லை. (இ) கூலி கிலோவுக்கு 30 சென். 30 நாள் முன் எழுத்தில் தெரிவித்து, தொழிலாளியின் எழுத்து ஒப்புதலோடுதான் இது மாற்றப்படும். பறித்து முடித்த கொழுந்துக்கு மாற்றம் பொருந்தாது.”

இதில் நிர்வாகத்துக்கு நட்டமில்லை என்பதையும் பாருங்கள். மழைக் கழிவு இருக்கிறது, கூலியை மாற்றும் வழி இருக்கிறது. உங்களுக்கு என்ன லாபம்? மாதத்தில் பத்து நாள் மழை பெய்தாலும் உச்சக் கழிவு நாளைக்கு 12 கிலோ, அதாவது 3 ரிங்கிட் 60 சென். மாதத்துக்கு 36 ரிங்கிட். முதலில் போட்ட 187க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். 5 விழுக்காடு என்பது என் எண். உங்கள் தோட்டத்தில் அனுபவப்பட்ட பறிப்பாளரைக் கேட்டுப் போடுங்கள். இருவர் பிடித்து ஓட்டும் அறுவடை இயந்திரமாக இருந்தால், எடை எத்தனை பேர் பெயரில் எப்படிப் பிரியும் என்ற வரியையும் 8(அ)வில் சேர்க்க வேண்டும். அதை விட்டால் சண்டை நிர்வாகத்தோடு அல்ல, கூட வேலை செய்கிறவரோடு வரும்.

பதில் வந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. “(அ)தான் சரி” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், நல்லது, அழிக்காமல் வையுங்கள். ஆனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘இத்தாளில் உள்ளதே முழு உடன்படிக்கை’ என்று ஒரு வரி இருந்தால் அந்தச் செய்தியின் பலம் குறையும். எனவே பழைய விதியைக் கோடிட்டு அடித்து, புதியதை ஓரத்தில் எழுதி, இரு தரப்பும் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். இடம் போதாவிட்டால் பின்னிணைப்பு போட்டு, அது 8ஆம் விதிக்குப் பதிலாக வருகிறது என்று எழுதுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பிரதி இருந்தால் இரண்டிலும் திருத்த வேண்டும். எது மேலோங்கும் என்பதையும் ஒரு வரியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாற்ற மறுத்தால்? குறைந்தது கழிவின் உச்ச அளவையாவது கடிதமாகத் தரக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், கையெழுத்துப் போடுவதா என்பது உங்கள் அடுப்பும் வாடகையும் பார்த்து நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. தெளிவில்லாத விதியை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ளும் வழக்கம் நீதிமன்றங்களில் உண்டு. சட்டத்தைவிடக் குறைவான நிபந்தனை செல்லாது என்று வேலைவாய்ப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவும் சொல்கிறது. இரண்டும் தகராறு வந்த பிறகு உதவுகிறவை. 69ஆம் பிரிவின் கீழ் தொழிலாளர் இலாகாவில் சம்பள வழக்குப் போடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது கையெழுத்திட்ட ஒப்பந்தமும் எடைச் சீட்டுகளும்தான். இரண்டின் நகலையும் முதல் நாளிலிருந்தே வீட்டில் வையுங்கள்.