வசூல் பையும் குடோன் சாவியும்: ஃபிடிலிட்டி கேரண்டி பாலிசி எடுப்பவர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பிஸ்கட், சோப்பு, மசாலா என்று ஏஜென்சி எடுத்து நடத்துபவரின் முதலில் பெரும்பகுதி அவர் கையில் இருப்பதில்லை. பாதி லைனுக்குப் போன சேல்ஸ்மேனின் பையில் இருக்கிறது, பாதி குடோன் சாவி வைத்திருப்பவரின் பொறுப்பில் இருக்கிறது. பூட்டை உடைத்து வெளியாள் எடுத்தால் திருட்டு இன்சூரன்ஸ் வரும். ஊழியரே எடுத்தால் அந்தப் பாலிசி கைகழுவிவிடும். வழியில் பறிபோகும் பணத்துக்கான மணி இன்சூரன்ஸும் ஊழியர் மோசடி இரண்டு மூன்று நாளுக்குள் தெரியவந்தால்தான் பெரும்பாலும் பொறுப்பேற்கும். மாதக்கணக்கில் நடக்கும் கையாடலுக்கு இருப்பது ஃபிடிலிட்டி கேரண்டி ஒன்றுதான்.

அதுவும் பணம் குறைந்துவிட்டது என்பதற்காகப் பணம் தராது. இன்ன ஊழியர், வேலையின்போது, நேர்மையற்ற முறையில், இவ்வளவு எடுத்தார் என்று காட்டினால் தரும்.

செய்ய வேண்டியவை

புரொபோசல் படிவத்தை நீங்களே நிரப்புங்கள். வசூலை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்க்கிறார்? ஸ்டாக் எப்போது எண்ணப்படுகிறது? வேலைக்குச் சேர்க்கும்போது பழைய முதலாளியிடம் விசாரித்தீர்களா? படிவம் இப்படித்தான் கேட்கும். எல்லாவற்றுக்கும் “தினமும்”, “ஆமாம்” என்று ஏஜென்ட் எழுதிவிட்டு, கையெழுத்து மட்டும் போடச் சொல்வார். பிரச்சினை அங்கேயே தொடங்குகிறது. நீங்கள் சொன்ன கண்காணிப்பு முறையை நம்பித்தான் கம்பெனி பாலிசி தருகிறது. அந்த முறை தொடர வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. நாளை க்ளெய்ம் என்று வந்தால் சர்வேயர் முதலில் கேட்பது அந்தத் தினசரிப் பதிவேட்டைத்தான். வாரம் ஒருமுறைதான் பார்க்கிறீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பின்னால் முறையை மாற்றினால் கம்பெனிக்குக் கடிதம் கொடுங்கள்.

ஆள் அடிக்கடி மாறும் கடையென்றால் பதவியின் பேரில் பாலிசி கேளுங்கள். பெயர்ப்பட்டியல் போட்ட பாலிசியில், போன மாதம் சேர்ந்த பையன் பெயர் சேர்க்கப்படாமல் விட்டுப்போனால் அவனுக்குக் காப்பீடே கிடையாது. தொகையைப் போடும்போது ஒரு நாள் வசூலைக் கணக்கில் வைக்காதீர்கள். உங்களுக்குத் தெரியவருவதற்குள் ஒருவர் எவ்வளவு சுருட்ட முடியும் என்பதே அளவு.

மாதம் ஒருமுறை கடைகளின் பாக்கியைக் கடைக்காரரிடமே கேளுங்கள். அந்த லைனுக்குப் போகாத ஒருவர் கேட்க வேண்டும். இந்தத் தொழிலில் நடக்கும் மோசடி பெரும்பாலும் ஒரே மாதிரியானது. அண்ணாச்சி கடையில் வாங்கிய 12,000 ரூபாயைச் சேல்ஸ்மேன் எடுத்துக்கொள்கிறார். அடுத்த வாரம் பேக்கரியில் வாங்கியதை அண்ணாச்சி கணக்கில் கட்டுகிறார். அதற்கடுத்த வாரம் இன்னொரு கடைப் பணத்தைப் பேக்கரி கணக்கில் கட்டுகிறார். உங்கள் புத்தகத்தில் எல்லாக் கடையும் கொஞ்சம் தாமதமாகக் கட்டுவதுபோல மட்டும் தெரியும். ஒழுங்காகக் கொடுத்துவந்த கடைகள் ஒரே லைனில் சேர்ந்தாற்போல் இழுக்கத் தொடங்கினால், அந்தச் சேல்ஸ்மேன் லீவே எடுக்காமல், தன் லைனுக்கு வேறு ஆளை அனுப்பவும் விடாமல் இருந்தால், வியாபார மந்தம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். நேரே நாலு கடை ஏறி இறங்குங்கள்.

நம்பர் போட்ட ரசீதுப் புத்தகம் கொடுங்கள். ஒரு பிரதி கடையில், ஒரு பிரதி உங்களிடம். கடைசியில் காசாக மாறும் ஆதாரம் அதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சேல்ஸ்மேனுக்கு 3 லட்சம் ரூபாய் கேரண்டி இருக்கிறது. 14 கடைகளில் 2,86,400 ரூபாய் வித்தியாசம். ரசீது இருக்கும் 11 கடைகளின் தொகை 2,31,000. மீதி மூன்று கடைகள் “கொடுத்துட்டோம்” என்று வாயால் மட்டும் சொல்கின்றன. அந்த 55,400 நிற்பது கஷ்டம். சேல்ஸ்மேனுக்கு நீங்கள் தர வேண்டிய சம்பளம் 18,000, இன்சென்டிவ் 6,500, அவர் கட்டிய டெபாசிட் 25,000. உங்கள் கையில் இருக்கும் அவருடைய இந்தப் பணத்தைக் கழித்துத்தான் கம்பெனி கணக்குப் பார்க்கும். மிச்சம் 1,81,500. பாலிசியில் எக்ஸஸ் இருந்தால் அதுவும் போகும். ரசீது மட்டும் எல்லாக் கடையிலும் இருந்திருந்தால் இன்னொரு அரை லட்சத்துக்கு மேல் கிடைத்திருக்கும்.

செய்யக்கூடாதவை

ஸ்டாக் குறைவை மட்டும் வைத்து க்ளெய்ம் போடாதீர்கள். வருடக் கணக்கில் 40 பெட்டி குறைகிறது என்பது இந்தப் பாலிசியின் கண்ணில் மோசடி அல்ல. உடைசல், எலி, தப்பான பில், இலவசமாகக் கொடுத்த சரக்கு, எதுவாகவும் இருக்கலாம். கணக்கெடுப்பில் தெரியும் பற்றாக்குறையைப் பாலிசிகள் பெயர் சொல்லியே விலக்குகின்றன. பில் இல்லாமல் சரக்கு ஏற்றிய வண்டியின் கேமரா பதிவு, வாங்கிய கடைக்காரரின் வாக்குமூலம், கேட் பாஸில் திருத்தம் என்று ஒருவரைச் சுட்டும் ஆதாரம் வேண்டும். அதற்கு, குடோன் சாவி கைமாறும் ஒவ்வொரு முறையும் எண்ணி இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். மூன்று பேரிடம் ஒரே சாவி புழங்கினால் யாரையும் சுட்ட முடியாது.

சந்தேகம் உறுதியான பிறகு அதே ஆளை லைனுக்கு அனுப்பாதீர்கள். “இன்னும் ரெண்டு வாரம் விட்டுப் பிடிப்போம்” என்று நினைக்கத் தோன்றும். மோசடி தெரிந்த நாளுக்குப் பிறகு அந்த ஊழியர் எடுப்பதற்குக் கம்பெனி பொறுப்பல்ல. தெரிந்த உடனே எழுத்தில் தகவல் கொடுப்பதும் நிபந்தனை.

பஞ்சாயத்து பேசி முடிக்காதீர்கள். நம் ஊரில் அதிக க்ளெய்ம் கெடுவது இதனால்தான் என்பது என் கணிப்பு. பையனின் அப்பா வந்து அழுவார், யாராவது பெரிய மனிதர் நடுவில் உட்காருவார், மாதம் பத்தாயிரம் தருவதாகப் புரோநோட்டு எழுதப்படும். பணத்தைக் கொடுத்தபின் அந்த ஊழியரிடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்டு. அவர்களைக் கேட்காமல் நீங்கள் சமரசம் செய்தால் அந்த உரிமையைக் கெடுத்தவராவீர்கள். நடந்ததைக் கடனாக மாற்றியதுபோலவும் ஆகும். ஊழியருக்குக் கொடுத்த கடன் இந்தப் பாலிசியில் வராது. பரிதாபப்பட்டு விட்டுவிடுவது உங்கள் இஷ்டம், ஆனால் அப்புறம் க்ளெய்ம் கேட்கக்கூடாது. கேட்பதென்றால் போலீஸில் புகார் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த கையாடலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி அதில் 316(4), ஏழு ஆண்டுவரை சிறை. முந்தைய சம்பவத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 408.

கல்லாவில் உட்காரும் மச்சானும் இதில் அடக்கம் என்று நினைக்காதீர்கள். பங்குதாரர் ஊழியர் அல்ல. சம்பளப் பதிவேட்டில் இல்லாத உறவினரும் அப்படித்தான்.

புதுப்பிக்க மறக்காதீர்கள். பாலிசி காலத்தில் நடந்த மோசடி, அந்தக் காலத்துக்குள்ளோ முடிந்த பின் வழக்கமாக 12 மாதத்துக்குள்ளோ கண்டுபிடிக்கப்பட வேண்டும். ஆள் வேலையை விட்டுப்போனால், போன நாளிலிருந்தே இந்தக் காலம் ஓடத் தொடங்கும். எனவே சேல்ஸ்மேன் நின்ற வாரமே அவர் லைன் கடைகளின் பாக்கியை எல்லாம் சரிபார்த்துவிடுங்கள்.