வீடு புகைந்தபின் வாங்கும் காப்பீடு

கேள்வி: போர்ட்ஃபோலியோ உச்சத்திலிருந்து 10% இறங்கினால் உடனே ஒரு நிஃப்டி புட் வாங்கிவிட வேண்டும் என்று என் நண்பர் ஒரு விதி வைத்திருக்கிறார். இந்த யோசனை எங்கே பிறந்தது?

பதில்: புட் என்பது, குறித்த நாளில் குறித்த விலைக்கு நம் சரக்கை இன்னொருவர் தலையில் கட்டும் உரிமை. அந்த உரிமைக்கு நாம் தரும் விலை பிரீமியம். தலையில் கட்டுகிற விலை ஸ்ட்ரைக். இது பழைய சங்கதி. 1688-ல் ஆம்ஸ்டர்டாம் சந்தையைப் பற்றி எழுதிய ஜோசப் டி லா வேகாவே ஆப்ஷன்களை விவரித்திருக்கிறார். ஆனால் ஒரு பங்குக்கு அல்ல, கையிலிருக்கிற மொத்தத்துக்கும் இப்படி ஒரு காப்பு போட வேண்டும் என்ற எண்ணத்துக்குத் தெளிவான ஊரும் ஆண்டும் உண்டு: கலிஃபோர்னியாவின் பெர்க்லி, 1976.

அமெரிக்கப் பங்குச் சந்தை 1973-74-ல் ஏறக்குறையப் பாதியாகக் கரைந்தது. பயந்துபோன ஓய்வூதிய நிதிகள் விற்றுவிட்டு வெளியேறின. 1975-ல் சந்தை எழும்பியபோது அவை உள்ளே இல்லை. முதலீட்டுத் துறையில் இருந்த ஒருவர் தன் சகோதரரிடம், ‘காப்பீடு மாதிரி ஏதாவது இருந்திருந்தால் இவர்கள் ஓடியிருக்க மாட்டார்களே’ என்ற பொருளில் அங்கலாய்த்தார். அந்தச் சகோதரர் பெர்க்லி பேராசிரியர் ஹெய்ன் லேலண்ட்.

லேலண்டுக்கு வேண்டியது சந்தை முழுவதற்குமான ஒரு புட். அப்போது அப்படி ஒன்று எந்தச் சந்தையிலும் விற்கவில்லை. சிகாகோவில் 1973-ல் ஆப்ஷன் சந்தை திறந்தபோது, வாங்கும் உரிமையான கால் மட்டும்தான், அதுவும் 16 பங்குகளுக்குத்தான். புட் அங்கே 1977-ல் வந்தது. குறியீட்டு ஆப்ஷன் 1983-ல். நம் நிஃப்டி ஆப்ஷனுக்கு 2001 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடையில் இல்லாத பொருளை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று லேலண்டும் அவருடைய சக பேராசிரியர் மார்க் ரூபின்ஸ்டைனும் இறங்கினார்கள். சந்தை இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விற்பது, ஏற ஏறத் திரும்ப வாங்குவது. சரியான அளவில் செய்தால் கையில் புட் இருப்பது போன்ற பலன் கிடைக்கும் என்று பிளாக்-ஷோல்ஸ் கணக்கு காட்டியது. ஜான் ஓ’பிரையனையும் சேர்த்துக்கொண்டு 1981-ல் நிறுவனம் தொடங்கினார்கள். அது விற்ற சேவையின் பெயர் ‘போர்ட்ஃபோலியோ காப்பீடு’.

முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1987 அக்டோபர் 19 அன்று டோ ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6% விழுந்தது. இறங்கினால் விற்கச் சொல்லும் விதியை ஒரே நேரத்தில் எத்தனையோ நிதிகள் பின்பற்றின. வாங்க ஆள் இல்லை. வீழ்ச்சிக்கு அதுதான் முழுக் காரணமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஆனால் தேவைப்பட்ட அன்று வீட்டுத் தயாரிப்புப் புட் கைகொடுக்கவில்லை என்பதில் சண்டை இல்லை. அதன்பின் உண்மையான புட்டுக்கே மவுசு கூடியது. சந்தைக்குக் கீழே உள்ள ஸ்ட்ரைக் புட்டுகளுக்குக் கணக்கு சொல்வதைவிடக் கூடுதல் விலை கேட்கும் வழக்கமும் அந்த ஆண்டிலிருந்துதான் நிலைத்தது.

உங்கள் நண்பரின் விதி இந்தக் குடும்பத்தில் பிறந்த பேரப்பிள்ளை. ‘எப்போதும் புட் வைத்திருந்தால் செலவு, இறங்கும்போது மட்டும் வாங்குவோம்’ என்கிற சிக்கனப் பிள்ளை.

கேள்வி: தேவைப்படும்போது மட்டும் வாங்குவது புத்திசாலித்தனம்தானே? செலவு எங்கே வருகிறது?

பதில்: ‘வெள்ளம் வருமுன் அணை கோலு’ என்பார்கள். இது முழங்கால் நனைந்தபின் மணல் மூட்டை வாங்கப் போவது. மூட்டை விற்பவருக்கும் வெள்ளம் தெரியும்.

2022-ஐ எடுத்துக்கொள்வோம். விதியை இப்படி வைக்கிறேன்: உச்ச முடிவு விலையிலிருந்து 10% கீழே நிஃப்டி முடிந்தால், அருகில் உள்ள மாதாந்தரக் காலாவதிக்கு 5% கீழே ஸ்ட்ரைக் உள்ள ஒரு புட் வாங்கு. காலாவதியன்றும் சரிவு 10%-க்கு மேல் இருந்தால் அடுத்த மாதத்துக்கு வாங்கு. குறைந்திருந்தால் சும்மா இரு.

உச்சம் 2021 அக்டோபர் 18-ல், 18,477. 2022 பிப்ரவரி 23 அன்று சரிவு 8%-ஐக்கூடத் தொடவில்லை. மறுநாள் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. நிஃப்டி 815 புள்ளி விழுந்து 16,248-ல் முடிந்தது. சரிவு 12%. அதாவது 10% என்ற கோட்டில் சந்தை நிற்கவே இல்லை, தாண்டிக் குதித்துவிட்டது. விதிப்படி மார்ச் 31 காலாவதிக்கு 15,450 புட் வாங்குகிறோம். அந்த 15,450 உச்சத்திலிருந்து எவ்வளவு கீழே என்று பாருங்கள்: 16.4%. அதுவரையிலான நஷ்டம் முழுவதும் நம்முடையது. ‘10% விதி’ என்று பெயர். காப்பு ஆரம்பிப்பது 16-க்குப் பிறகு.

இனி விலை. சந்தையின் பதற்றத்தைக் காட்டும் இண்டியா விக்ஸ் ஆண்டுத் தொடக்கத்தில் 17 அளவில் இருந்தது. பிப்ரவரி 24 அன்று 32-ஐ ஒட்டி முடிந்தது. இதே ஸ்ட்ரைக், இதே 35 நாள் கெடு. பிளாக்-ஷோல்ஸில் 17 போட்டால் புட் 65 புள்ளி, 32 போட்டால் சுமார் 283 புள்ளி. நான்கு மடங்கு. நிஃப்டி மதிப்பில் 1.7%, ஒரே மாதத்துக்கு.

மார்ச் 31 அன்று நிஃப்டி 17,465. புட் பூஜ்யம். சரிவு 5.5% ஆகிவிட்டதால் விதி தூங்கப் போனது.

மே 6 அன்று 16,411, மறுபடி விழித்தது. 15,600 புட், சுமார் 56 புள்ளி. மே 26 காலாவதியில் நிஃப்டி 16,170, பூஜ்யம். சரிவு இன்னும் 12%, ஆகவே அடுத்தது: ஜூன் 30-க்கு 15,350 புட், சுமார் 130 புள்ளி. இங்கேதான் ஒரு வேடிக்கை. ஜூன் 17 அன்று நிஃப்டி 15,293-ல் முடிந்தது. அந்த ஆண்டின் அடிமட்ட முடிவு அதுதான். நம் புட் அன்று வாங்கிய விலைக்கு இரண்டு மடங்கு போயிருக்கும். விற்கச் சொல்லி விதியில் ஒரு வரி இல்லை. ஜூன் 30 அன்று நிஃப்டி 15,780-க்கு வந்துவிட்டது, பூஜ்யம். கடைசியாக 15,000 புட், சுமார் 95 புள்ளி. ஜூலை 28-ல் நிஃப்டி 16,930. அதுவும் பூஜ்யம்.

நான்கு புட், மொத்தம் 564 புள்ளி. அப்போது ஒரு லாட் 50. கைவிட்டது 28,200 ரூபாய். காப்பாற்ற நினைத்த தொகை சுமார் 8.12 லட்சம். ஐந்து மாதத்தில் 3.5% செலவு, திரும்பி வந்தது ஒரு ரூபாய்கூட இல்லை. இத்தனைக்கும் போர்ட்ஃபோலியோ உச்சத்திலிருந்து 17% வரை இறங்கித்தான் எழுந்தது. இவை விக்ஸை வைத்துப் போட்ட கணக்கு. கீழ் ஸ்ட்ரைக்குகளுக்கு உள்ள கூடுதல் விலை, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, தரகு எல்லாம் சேர்ந்தால் பில் இன்னும் ஏறும்.

எழுதி வைத்தால்தான் இது தெரியும். ஒவ்வொரு தடவையும் ‘ஒரு சதவீதம் அளவுதானே’ என்று தோன்றும். கூட்டிப் பார்க்கிறவர் குறைவு.

கேள்வி: 2020 கொரோனா வீழ்ச்சியில் இந்த விதி காப்பாற்றியிருக்குமே!

பதில்: காப்பாற்றியிருக்கும், மறுக்கவில்லை. ஜனவரி 14 உச்சம் 12,362. மார்ச் 6 அன்று 10,989-ல் முடிந்தபோது கோடு தாண்டியது. விக்ஸ் 25 அளவில்தான். மார்ச் 26 காலாவதிக்கு 10,450 புட் கணக்குப்படி 60 புள்ளி. காலாவதியன்று நிஃப்டி 8,641. கிடைத்தது 1,809 புள்ளி, போட்டதைப் போல் முப்பது மடங்கு. அப்போதைய 75 லாட்டுக்கு ஒன்றே கால் லட்சத்துக்கும் மேல்.

ஆனால் விதி அங்கே நிற்கவில்லை. மார்ச் 26 அன்று சரிவு 30%. எனவே அடுத்த புட் வாங்கியாக வேண்டும். விக்ஸ் 70-ஐ ஒட்டி நிற்கிறது. ஏப்ரல் 30-க்கு 8,200 புட் கணக்குப்படி 520 புள்ளி, அதாவது ஒரு மாதத்துக்கு 6%. ஏப்ரல் 30-ல் நிஃப்டி 9,860. பூஜ்யம். அன்றும் சரிவு 20%. மறுபடி ஒன்று, சுமார் 150 புள்ளி. மே 28-ல் அதுவும் பூஜ்யம். முதல் புட் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடுத்த இரண்டே புட்டில் கரைந்துவிட்டது. ஜூலை வரை எந்த மாதக் காலாவதியன்றும் சரிவு 10%-க்குள் இல்லை என்பதால் கரைப்பு தொடர்ந்திருக்கும்.

இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று புரிகிறது. கோடு தாண்டியபின் அதே வேகத்தில் சந்தை இன்னொரு மடங்கு விழுந்தால்தான் இந்த விதிக்கு ஜெயம். 10 முதல் 17% வரை விழுந்து, தயங்கி, திரும்புகிற சந்தையில் இது ஒவ்வொரு படியிலும் காசு கொடுக்கும். அந்த இரண்டாவது வகைச் சரிவுதான் அதிகம் வருகிறது.

கேள்வி: அப்படியானால் எப்போதும் புட் வைத்திருப்பதே மேலா? அல்லது விதியைத் திருத்தலாமா?

பதில்: விக்ஸ் 17-ல் 65 புள்ளி என்று பார்த்தோமே, அது அமைதியான மாதத்தில் 0.4%. அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். ஆண்டுக்கு 5% பக்கம். சிகாகோ ஆப்ஷன் சந்தையே மாதாமாதம் 5% கீழே புட் வாங்கும் ஒரு குறியீட்டை PPUT என்ற பெயரில் கணக்கிட்டு வருகிறது. நீண்ட காலத்தில் அது வெறும் எஸ் அண்ட் பி 500-க்குப் பின்தங்கித்தான் இருக்கிறது.

நண்பர் விதியை விடமாட்டார் என்றால் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, விலை உச்சவரம்பு: ஒரு மாதப் புட் நிஃப்டி மதிப்பில் 1%-க்கு மேல் கேட்டால் வாங்காதே. 2022 பிப்ரவரியின் 283-ம் 2020 மார்ச்சின் 520-ம் இதில் அடிபட்டுப் போகும்; 60 புள்ளிக்குக் கிடைத்தது தப்பிக்கும். இன்னொன்று, விற்கும் விதி: புட் இரு மடங்கானால் பாதியை விற்று முதலை எடு. இதற்குக் குறைந்தது இரண்டு லாட் வேண்டும், சின்ன முதலீட்டாளரிடம் அது இருக்காது. விற்ற பாதி 2020 போன்ற மார்ச்சில் முப்பது மடங்கைத் தவறவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அவருடைய போர்ட்ஃபோலியோவில் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். சின்னக் கம்பெனிப் பங்குகளாக வைத்துக்கொண்டு நிஃப்டி புட் வாங்கினால், நிஃப்டி உச்சத்திலிருந்து 8% இறங்கியிருக்கும்போது அவருடையது 20% இறங்கியிருக்கலாம். நிஃப்டியோ புட்டின் ஸ்ட்ரைக்கைக்கூடத் தொட்டிருக்காது.

எதுவும் வேண்டாம், கோடு தாண்டினால் கொஞ்சம் விற்றுவிட்டு உட்காருவேன் என்பவரும் உண்டு. பிரீமியம் மிச்சம்தான். ஆனால் 2022 பிப்ரவரி 24 மாலை விற்றவர், மார்ச் 31-க்குள் வந்த 7.5% ஏற்றத்தை வெளியிலிருந்து பார்த்திருப்பார். லேலண்டின் சகோதரர் அங்கலாய்த்தது இதைப் பற்றித்தான்.